கலைச்சொல் வேண்டும்: சரக்கிருப்பிலிருந்து கடைசியில் கைக்கு வரும் தொகைக்கு என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணிகவியல் பாடக் குறிப்புகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சரக்கிருப்பைப் பற்றிய பகுதியில் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். ஆண்டிறுதியில் கையில் இருக்கும் சரக்கை அடக்கவிலைக்குக் காட்டுவதா, அல்லது அதை முடித்து விற்றால் செலவெல்லாம் போகக் கிடைக்கக்கூடிய தொகைக்குக் காட்டுவதா என்று பார்த்து, எது குறைவோ அதையே கணக்கில் வைக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டாவது தொகைக்குத்தான் பெயர் தேடுகிறேன். ‘நிகர விற்பனை மதிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். படித்த மாணவர் ஒருவர் அதை விற்பனைத் தொகையில் தள்ளுபடி கழித்தது என்று புரிந்துகொண்டார். வேறு நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

கயல்விழி

---

கயல்விழி அவர்களுக்கு,

புதுச்சொல் எதற்கு? நாங்கள் படித்த காலத்தில் ‘அடக்கவிலை அல்லது சந்தை விலை, இவற்றில் எது குறைவோ அது’ என்றுதான் மனப்பாடம் செய்தோம். சந்தை விலை என்றால் எல்லாருக்கும் புரியும். சந்தையில் விலை இறங்கினால் சரக்கின் மதிப்பும் இறங்குகிறது, அவ்வளவுதான். அதோடு எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. விலை இறங்கினால் கணக்கில் இறக்குகிறோம், ஏறினால் மட்டும் ஏன் ஏற்றுவதில்லை? இது ஒருபக்கச் சார்பாகத் தெரியவில்லையா?

செல்வம்

---

அன்புள்ள கயல்விழி, செல்வம்,

சந்தை விலை என்ற சொல்தான் இங்கே குழப்பத்தின் வேர். எந்தச் சந்தை என்று அது சொல்வதில்லை. நாம் விற்கும் சந்தையா, வாங்கும் சந்தையா? அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் அது மீண்டும் வாங்கினால் ஆகும் விலையைக் குறித்தது. அதற்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் வேறு இருந்தன. 2015-இல் வந்த திருத்தம் பெரும்பாலான சரக்குகளுக்கு அதை விட்டுவிட்டு, நாம் இப்போது பெயர் தேடும் இந்தத் தொகையையே ஏற்றுக்கொண்டது. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 2-உம் இதைத்தான் சொல்கிறது.

பெயருக்கு முன்னால் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். ஒரு பட்டறையில் பாதி முடிந்த நாற்காலிகள் 200 இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இதுவரை ஆன அடக்கவிலை 700. மெருகு போட்டு மெத்தை தைத்து முடிக்க இன்னும் 150 ஆகும். விற்றுக்கொடுப்பவரின் தரகுக்கும் அனுப்பும் செலவுக்கும் 60 போகும். விற்பனை விலை முன்பு 960 ஆக இருந்தது. இப்போது 880-க்கு இறங்கிவிட்டது. சந்தை விலை 880, அடக்கவிலை 700 என்று மட்டும் பார்ப்பவர் இழப்பே இல்லை என்பார். ஆனால் 880-இல் 150-உம் 60-உம் போனால் கைக்கு வருவது 670. ஆகவே நாற்காலிக்கு 30 வீதம், 200-க்கும் சேர்த்து 6,000 இந்த ஆண்டே இழப்பாகப் பதிய வேண்டும்.

செல்வம் கேட்டதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சரக்கிருப்பு என்று ஏட்டில் நாம் எழுதும் 700, நாம் செய்துவிட்ட செலவுதான். விற்பனையில் அது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில்தான் அதை இந்த ஆண்டின் செலவில் சேர்க்காமல் சொத்தாகத் தள்ளி வைத்திருக்கிறோம். 670-தான் திரும்பும் என்று தெரிந்த பிறகு, மிச்சம் 30-ஐச் சொத்து என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அதை இறக்காமல் விட்டால் விலை விழுந்தது இந்த ஆண்டாகவும், இழப்பு தெரிவது அடுத்த ஆண்டாகவும் ஆகிவிடும். விலை ஏறுவது வேறு. 960-க்கே விற்கும் என்று வைத்துக்கொண்டாலும், திரும்பி வரவேண்டிய 700 முழுதாக வரும் என்பதைத்தான் அது காட்டுகிறது. அதற்கு மேல் வரும் 50 இலாபம். வாங்குபவர் வந்து விற்பனை நடக்கும்போது அது தானே பதியும். இதில் எச்சரிக்கையின் சாய்வு இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். பண்டத் தரகு வணிகர்கள் போன்ற சிலருக்குத் தரநிலையே விலக்குக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ஏற்றத்தையும் காட்டலாம்.

மாதவன்

---

மாதவன் ஐயாவுக்கு வணக்கம்.

நான் கித்தான் துணியில் பை தைக்கும் சிறு தொழில் நடத்துகிறேன். சொல்லாக்கத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் இதே விஷயத்தில் எனக்கு ஒரு சிக்கல். மீட்டர் 90-க்கு வாங்கி வைத்த துணி இப்போது 70-க்குக் கிடைக்கிறது. துணி முழுவதையும் 70-க்கு இறக்கச் சொல்கிறார் கணக்கு எழுதுபவர். இது தேய்மானம் மாதிரி ஆண்டுக்கு ஆண்டு செய்வதா?

நூர்ஜஹான்

---

நூர்ஜஹான் அம்மா,

தேய்மானம் இது இல்லை. எந்திரம் போன்றவற்றைப் பல ஆண்டுகள் பயன்படுத்துவதால் அவற்றின் செலவைப் பங்கிட்டு எழுதுவது தேய்மானம். சரக்கிருப்பில் பங்கீடு கிடையாது; ஒவ்வொரு கணக்கு முடிவிலும் புதிதாகப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் இறக்குகிறோம்.

துணியின் விலை இறங்கியது என்பதற்காக மட்டும் அதை இறக்க வேண்டியதில்லை. நீங்கள் துணியை விற்கப் போவதில்லை, பையைத்தான் விற்கிறீர்கள். மீட்டர் 90 விலையுள்ள துணியில் தைத்த பைக்கு எல்லாம் சேர்த்து 260 ஆகிறது, அது 340-க்கு விற்கிறது, விற்கும் செலவு 30 என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 310. துணிக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்புகிறது; ஆகவே துணி 90-லேயே இருக்கட்டும். துணி மலிந்ததால் பையின் விலையும் விழுந்து, பையே அடக்கவிலைக்குக் கீழே போனால்தான் துணியை இறக்க வேண்டும். அப்போது மீண்டும் வாங்கும் விலையான 70 நல்ல அளவுகோலாக அமையலாம்.

மாதவன்

---

அனைவருக்கும் வணக்கம்.

பொருள் தெளிவாகிவிட்டதால் சொல்லுக்கு வருகிறேன். ‘இதை விற்றால் எவ்வளவு தேறும்?’ என்று நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்குள்ளேயே செலவு கழிந்த பிறகு என்ற பொருள் இருக்கிறது. ‘வண்டிக்கூலி போக எதுவும் தேறவில்லை’ என்பது எல்லாருக்கும் பழகிய பேச்சு. இலங்கையில் நிகர இலாபத்தைத் ‘தேறிய இலாபம்’ என்றே எழுதுகிறோம். ஆகவே ‘தேறு மதிப்பு’ என்று வைக்கலாம். முன்னால் ‘நிகர’ என்று சேர்த்தால் கூறியது கூறலாகிவிடும்.

சிவகாமி

---

சிவகாமி அவர்களின் சொல் பேச்சுவழக்கிலிருந்து வருவதால் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு தயக்கம். ‘தேறு மதிப்பு’ வினைத்தொகை. தேறிய மதிப்பு, தேறுகின்ற மதிப்பு, தேறும் மதிப்பு என்று மூன்று காலத்துக்கும் விரியும். நமக்கு வேண்டியது இனிமேல் வரும் என்று கணிக்கும் தொகை மட்டுமே. ‘தேறத்தக்க மதிப்பு’ என்றால் அந்தக் கணிப்பு வெளிப்படையாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இறக்கி எழுதும் செயலுக்கு என்ன சொல்? ஆங்கிலச் சொல்லை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘பதிவிறக்கம்’ வருகிறது. அது கணினிக்குப் போய்விட்டது. ‘தள்ளுபடி’ என்றால் முழுவதும் போனது போலவும் ஒலிக்கிறது, வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலைக்குறைப்பு போலவும் ஒலிக்கிறது. ‘மதிப்பிறக்கம்’ சரியாக இருக்குமா?

கயல்விழி

---

மதிப்பிறக்கம் நல்ல சொல். நாணயத்துக்குச் சொல்லும் ‘மதிப்பிறக்கம்’ நினைவுக்கு வருகிறதே என்பதுதான் ஒரு குறை. ‘சரக்கு மதிப்பிறக்கம்’ என்று முழுதாக எழுதினால் போதும்.

மாதவன் ஐயாவின் கணக்கு எனக்குப் புரிந்தது. சந்தை விலை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 200 நாற்காலிகளையும் ஒன்றாகப் பார்ப்பதுதானே இயல்பு? சிலவற்றுக்கு நல்ல விலை கிடைத்தால் அது மற்றவற்றின் குறையை ஈடுகட்டாதா?

செல்வம்

---

செல்வம், பெரும்பாலான தவறுகள் நிகழும் இடத்தைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த 200-இல் 80 நாற்காலிகளை 950-க்குத் தருவதாக ஏற்கெனவே உறுதியான ஒப்பந்தம் இருக்கிறது என்று வையுங்கள். செலவு அதே 210. அந்த 80-க்கும் தலைக்கு 740 தேறும். அவை 700-லேயே நிற்கும். மிச்சம் 120-க்கு 670-தான் தேறும். அவற்றில் இழப்பு 3,600. எல்லாவற்றையும் கலந்துவிட்டால் மொத்தம் 1,39,600 தேறும், அடக்கம் 1,40,000, இழப்பு வெறும் 400 என்று தெரியும். இன்னும் விற்காத 80-இன் இலாபத்தை எடுத்து, நடந்துவிட்ட 3,600 இழப்பை மூடியதன் விளைவு அது. அதனால்தான் உருப்படி உருப்படியாகப் பார்க்கிறோம். ஒரே வகையைச் சேர்ந்து, ஒரே இடத்தில் விற்று, பிரித்துப் பார்க்கவே முடியாதவற்றை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம்.

தணிக்கைக்குப் போகும்போது நான் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. அதில் பழைய 960-தான் அச்சாகியிருக்கும். ஆண்டு முடிந்து அடுத்த சில வாரங்களில் போட்ட விற்பனைச் சீட்டுகளைக் கேட்பேன். உண்மையில் எவ்வளவுக்குப் போயிற்று, பிறகு எவ்வளவு கழித்துக் கொடுத்தார்கள் என்பது அங்கே தெரியும்.

சொல்லைப் பொறுத்தவரை, அடுத்த ஆண்டு விலை ஏறினால் இறக்கியதைத் திரும்ப ஏற்றுவதற்கும் ஒரு பெயர் வேண்டும். நாற்காலிக்கு 750 தேறும் என்றாலும் 700-க்கு மேல் போக முடியாது. அமெரிக்க விதியில் இப்படித் திரும்ப ஏற்றுவதே இல்லை. ‘இறக்க மீட்பு’ என்று தோன்றுகிறது, முழு நிறைவில்லை.

மாதவன்

---

மாதவன் ஐயாவுக்கு நன்றி.

நேற்று இரவு உட்கார்ந்து பை வகை வகையாகக் கணக்குப் போட்டேன். பெரிய பைகள் எல்லாம் அடக்கத்துக்கு மேலேதான் தேறுகின்றன; அவற்றுக்கான துணியை அப்படியே விட்டுவிட்டேன். ஒரு சிறிய பையை இனி யாரும் வாங்குவதில்லை என்று தைப்பதையே நிறுத்திவிட்டோம். அதற்கென்று பூ அச்சிட்ட துணி 300 மீட்டர் கிடக்கிறது. வேறு எந்தப் பைக்கும் ஆகாது. அதைத் துணியாகவே விற்றுவிட வேண்டியதுதான். விசாரித்ததில் மீட்டருக்கு 40 தருவதாகச் சொல்கிறார்கள், ஏற்றி அனுப்பும் கூலி 5 நம்முடையது. அதை மட்டும் 35-க்கு இறக்கச் சொல்லியிருக்கிறேன்.

நூர்ஜஹான்

---

நூர்ஜஹான் அவர்களின் மடலில் ‘தேறுகின்றன’ என்ற சொல் தானாகவே வந்து விழுந்திருப்பதைக் கவனித்தேன். வரைவில் இப்போதைக்குத் ‘தேறு மதிப்பு’ என்றே எழுதுகிறேன். ‘தேறத்தக்க’ வேண்டுமா என்பதையும், ‘இறக்க மீட்பு’க்கு மேலான சொல் உண்டா என்பதையும் அடுத்த வாரம் வரை திறந்து வைக்கிறேன்.

கயல்விழி