புதுப்பிப்பு: மறுசீரமைப்பு அறிவிப்புக்கு அப்புறம் டீமுக்கு அனுப்பிய செய்தி

முன்பு கேட்டது: "திடீர்னு மறுசீரமைப்புன்னு அறிவிச்சுட்டாங்க. டீம் பதறுது. என்ன எழுதி அனுப்புறது?"

"யாருக்கும் வேலை போகாது என்று எழுதுங்கள்" என்றவருக்கு நன்றி. ஆனால் அந்த வாக்குறுதி என் கையில் இல்லை. மனிதவளப் பிரிவில் இருந்தவர் சொன்னபடி, தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்து எழுதினேன்:

"நம் டீம் வேறு பிரிவின் கீழ் போகிறது. இந்த வார வேலைகளும் ஒப்புதல் கிடைத்த விடுப்புகளும் மாறவில்லை. பொறுப்புகள் மாறுமா என்பது எனக்கே இன்னும் தெரியாது. புதன் மாலை 4 மணிக்குப் பேசுவோம். புதிய தகவல் இல்லாவிட்டாலும் வருவேன்."

கடைசி வரிதான் வேலை செய்தது. வதந்தி குறைந்து, கேள்விகள் நேராக என்னிடமே வந்தன. ஒப்பந்த ஊழியர் ஒருவர் மட்டும், "என் ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா?" என்று தனியாகக் கேட்டார். மேலிடத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.