பிரெஞ்சில் விடைபெறும் மெயில்: பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பிரான்ஸ் ஆர்டர்களைக் கவனிக்கிறேன். மாதக் கடைசியில் விலகுகிறேன். என் இடத்துக்கு வரும் பெண்ணை அறிமுகப்படுத்தி பிரெஞ்சில் மெயில் எழுத வேண்டும்.

பலருக்குச் சேர்த்து எழுதும்போது எப்படியும் 'நீங்கள்' என்னும் 'வூ'தான், அதனால் டீமுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒன்றே போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் வாடிக்கையாளருக்கு வேண்டியது வேறு: நான் போகும் தேதி, பாதியில் நிற்கும் ஆர்டரை யார் பார்ப்பார், அவருடைய மெயில் முகவரி. டீமுக்கு நன்றிதான் முக்கியம். அதனால் இரண்டாகப் பிரித்துவிட்டேன். விலகும் காரணத்தை எதிலும் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் மெயிலில், 'சாம்பிள் வேலையை இவர் ஏற்கெனவே பார்க்கிறார்' என்று ஒரு வரி வைத்து, அவரையும் சிசியில் சேர்த்திருக்கிறேன். அந்த வரிதான் அவர்களுக்குத் தெம்பு தரும் என்று நம்புகிறேன். முடிவில் 'கோர்தியால்மான்'.

இரண்டு சந்தேகங்கள். பொறுப்பேற்பதைச் சொல்ல 'ப்ராந்த்ரா மா சுயித்' போதுமா, 'ம சுக்சேதெரா' என்றே எழுதணுமா? அப்புறம், ஒரு பழைய வாடிக்கையாளரோடு எப்போதும் 'நீ' என்னும் 'த்யூ' போட்டுத்தான் பேசுவேன். பொது மெயில் அவருக்கு அந்நியமாகத் தெரியும். தனி மெயிலை அதற்கு முன்பே அனுப்பிவிடலாமா? பிரெஞ்சு அலுவலகங்களில் வேலை செய்தவர்கள், புதுச்சேரி நண்பர்கள் சொல்லுங்களேன்.