பொருள்: மார்புப் படத்தில் "ஒப்பாசிட்டி"க்குத் தமிழ் என்ன? சனிக்குள் வேண்டும்

கயல்விழி, தாராவி, மும்பை. செவ்வாய் இரவு

குழுவினருக்கு வணக்கம். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து இப்போது எம்பிபிஎஸ் சேர்ந்திருக்கும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் வகுப்பு எடுக்கிறேன். மார்பு எக்ஸ்ரேயை ஆசிரியர் முன் வரிசையாக எப்படிச் சொல்வது என்று 8 பக்கக் கையேடு ஒன்று தயார். சனிக்கிழமை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது.

போன வாரம் ஒரு படத்தை மாட்டினேன். 58 வயது ஆண், 5 நாள் காய்ச்சல், இருமல். ஒரு பையன் எழுந்து நின்ற வேகத்தில் "வலது கீழ்ப்பக்கம் நிமோனியா" என்றான். பேர் பார்த்தாயா, தேதி பார்த்தாயா என்றால் முழிக்கிறான். சரி, நிமோனியா என்பது நீ முடிவு செய்தது, கண்ணுக்குத் தெரிவது என்ன என்று கேட்டேன். "வெள்ளையா இருக்கு அக்கா" என்றான். இதயமும் வெள்ளைதான், விலாவும் வெள்ளைதான். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் வெள்ளைக்கு, நோயின் பேரைச் சொல்லாமல் ஒரு பேர் வேண்டும். ஆங்கிலத்தில் ஒப்பாசிட்டி அந்த வேலையைச் செய்கிறது. தமிழில்?

புலவர் ஐயா, மாட்டுங்கா. புதன் காலை

அம்மா கயல், பள்ளி இயற்பியல் நூலிலேயே "ஒளிபுகாமை" இருக்கிறதே. புதிதாக ஏன் செய்ய வேண்டும்?

மீனா, ஆர்.கே.புரம், தில்லி. புதன்

ஐயா, அது பண்பின் பேர். பிள்ளை காட்ட வேண்டியது ஒரு பொருளை. "இங்கே ஓர் ஒளிபுகாமை இருக்கிறது, அங்கே 2 ஒளிபுகாமைகள்" என்று யாராவது வாயால் சொல்ல முடியுமா? போதாததற்கு, இங்கே புகாமல் நிற்பது ஒளியும் இல்லை, எக்ஸ்ரே. மொழிபெயர்ப்பில் 12 வருடமாக நான் கண்ட ஒரே சோதனை, சொல்லை ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பதுதான். என் ஓட்டு "வெண்திட்டு".

புலவர் ஐயா. புதன்

வெண்திட்டு அல்ல. வெண் + தாமரை வெண்டாமரை ஆவதுபோல வெண் + திட்டு வெண்டிட்டுதான் ஆகும்.

மீனா. புதன்

அப்படியானால் என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

கயல்விழி. புதன்

மீனா அக்கா, வெண்திட்டு என்றால் எங்கள் பேட்டையில் தோல் வியாதி. பிள்ளைகள் நோயாளியின் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள்.

பாண்டியன், செம்பூர். புதன் இரவு

25 வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவன் சொல்கிறேன் தங்கச்சி. ஒப்பாசிட்டி என்றே எழுது. வைவாவில் எக்ஸாமினர் தமிழிலா கேட்கப் போகிறார்?

பேரைப் பார்க்கச் சொன்னாய் பார், அதை 2 பக்கத்துக்கு எழுது. முன்பு நான் இருந்த இடத்தில் ஒரே நாளில் ஒரே பேரில் 2 பேர் வந்தார்கள். உறை மாறிப்போய் நல்ல நுரையீரல்காரர் ஒரு வாரம் ஊசி போட்டுக்கொண்டார். பேர் மட்டும் போதாது. வயது, பதிவு எண், தேதி எல்லாம் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் "ஆர்" எழுத்து எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். படத்தில் நம் இடது கைப்பக்கம் இருப்பது நோயாளியின் வலது.

உன் 58 வயதுக்காரர் மூச்சை முழுக்க இழுத்திருக்க மாட்டார். பாதி மூச்சில் எடுத்தால் அடிப்பக்கம் வெள்ளையாகத்தான் விழும். நோயே இல்லாமல் இருக்கலாம்.

சபேசன், முலுண்டு. புதன் இரவு

கயல் கண்ணு, நல்ல கேள்வி. போன வருஷம் எனக்கு எடுத்த படத்தில் "ஷேடோ" இருக்கிறது என்றார்கள். டிபி என்று நினைத்து 3 நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் அது மார்க்காம்பாம்! காம்பில் ஒரு சின்ன உலோகக் குறியை ஒட்டி மறுபடி எடுத்தார்கள், குறி அந்த உருண்டையின் மேலேயே வந்து உட்கார்ந்தது. எனக்கு இன்னும் இருமல் இருக்கிறது, படத்தை ஸ்கேன் செய்து அனுப்பட்டுமா?

கயல்விழி. வியாழன் காலை

சித்தப்பா, படம் வேண்டாம், நேரில் டாக்டரைப் பாருங்கள். ஆனால் உங்கள் கதை கையேட்டுக்குள் போகிறது. நுரையீரலுக்கு வெளியே, தோல்மேல் இருப்பதும் படத்தில் உள்ளே இருப்பதுபோல விழும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

டாக்டர் வசந்தா, ஜெயநகர், பெங்களூரு. வியாழன்

நான் கதிரியக்கத் துறையில் ஓய்வு பெற்றவள். பாண்டியன் சொன்னதில் பாதி சரி. மூச்சு குறைந்தால் அடிப்பக்கம் வெளுக்கும், இதயமும் அகலமாகத் தெரியும். ஆனால் இரு பக்கமும் சேர்ந்து வெளுக்கும். அதனால்தான் விலாவை எண்ணச் சொல்கிறோம். உதரவிதானத்துக்கு மேலே முன்விலா 6 தெரிந்தால் மூச்சு போதும். கயல், இந்தப் படத்தில் எத்தனை? வலது இதய விளிம்பு தெரிகிறதா? வலது உதரவிதானக் கோடு?

கயல்விழி. வியாழன்

முன்விலா 6 தெரிகிறது மேடம். நிற்கவைத்து, முதுகுப்பக்கமிருந்து கதிர் விட்டு எடுத்த பிஏ படம், தோள்பட்டை எலும்புகள் நுரையீரலை விட்டு விலகி இருக்கின்றன. காறை எலும்பு இரண்டின் உள்முனைகளும் நடு முள்ளிலிருந்து ஒரே தூரம், ஆகவே ஆள் திரும்பி நிற்கவில்லை. வலது இதய விளிம்பு கரைந்துபோயிருக்கிறது. உதரவிதானக் கோடு பென்சிலால் போட்டதுபோலக் கூர்மை.

டாக்டர் வசந்தா. வியாழன்

அப்போது பையன் "கீழ்ப்பக்கம்" என்றது படத்தில் சரி, நுரையீரலில் தப்பு. கீழ் மடல் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது கெட்டிருந்தால் உதரவிதானக் கோடு அழிந்திருக்கும். வலது இதய விளிம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது நடு மடல். காற்று இருக்கும்வரை நுரையீரல் கறுப்பு, இதயம் வெள்ளை, நடுவில் விளிம்பு தெரியும். காற்று போய் அங்கே சளியும் நீரும் நிறைந்தால் வெள்ளையோடு வெள்ளை ஒட்டிவிடும், விளிம்பு காணாமல் போகும். 1950இல் கதிரியக்க மருத்துவர் பெல்சன் எழுதிய பிறகு உலகமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நெஞ்செலும்பு உள்வாங்கிய குழிமார்பு உள்ளவர்களுக்கு எந்த நோயும் இல்லாமலே வலது இதய விளிம்பு மங்கும். இதயம் இடப்பக்கம் தள்ளியிருக்கும், முன்விலாக்கள் செங்குத்தாகச் சரியும், பின்விலாக்கள் படுக்கையாகக் கிடக்கும். எலும்பைக் கடைசியில் பார்க்கிறோம் என்பதற்காகப் பாராமல் விட்டால் இங்கே மாட்டிக்கொள்வோம்.

மீனா. வியாழன்

விளிம்பு காணாமல் போவதற்கு "விளிம்பழிவு" என்று வைத்துவிடலாமே. மூலச் சொல்லுக்கு "மூட்டம்" எப்படி? பனிமூட்டம், புகைமூட்டம் போல "வெண்மூட்டம்". புணர்ச்சிச் சண்டையும் வராது.

கயல்விழி. வியாழன்

விளிம்பழிவு அருமை, எடுத்துக்கொண்டேன். மூட்டம் பரவலாக இருப்பதற்குப் பொருந்தும். ஆனால் கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, கூர்மையான ஓரத்தோடு இருந்தால்? அதை மூட்டம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. எனக்கு இரண்டுக்கும் பொதுவான சொல் வேண்டும்.

புலவர் ஐயா. வெள்ளி அதிகாலை

இரவெல்லாம் யோசித்தேன். சபேசன் கேட்டுப் பயந்த சொல்லே சரி: நிழல். வெண் + நிழல் = வெண்ணிழல்; வெண்ணிலவு போல. நிழல் என்றால் இருட்டு மட்டுமா? நிழலுதல் என்றால் ஒளிவிடுதலும் ஆகும். கண்ணாடிக்குப் பழம்பாட்டில் நிழல்காண் மண்டிலம் என்று பேர். அதில் தெரிவது இருட்டா, உருவமா? போட்டோவை நாம் நிழற்படம் என்கிறோம், அதில் வெளிச்சமும்தானே இருக்கிறது. நிழலுக்கும் நீலத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியே ஒரு மடல் எழுதுகிறேன்.

பாண்டியன். வெள்ளி

ஐயா, நிழல் கறுப்பு. நுரையீரல்தான் படத்தில் கறுப்பு. வெள்ளையை நிழல் என்றால் பிள்ளைகள் தலைகீழாகப் படிப்பார்கள்.

டாக்டர் வசந்தா. வெள்ளி

இல்லை பாண்டியன், இயற்பியல்படி அது நிழலேதான். எலும்பு கதிரைத் தடுக்கிறது, அதன் பின்னால் பிலிமில் கதிர் விழாத இடம் நிழல். கதிர் பட்ட இடம் கறுக்கும், படாத இடம் வெளுத்தே நிற்கும். நாம் பார்ப்பது நெகடிவ். 1895 டிசம்பரில் ரான்ட்கன் தன் மனைவியின் கையை எடுத்தாரே, அந்த அச்சில் எலும்பும் மோதிரமும் கறுப்பாகத்தான் இருக்கும். "வெண்" என்று முன்னால் சேர்த்ததால் குழப்பம் தீர்ந்தது. என் ஓட்டு வெண்ணிழலுக்கு. ஆனால் நோயாளியிடம் இந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள், சபேசனைக் கேளுங்கள்.

மீனா. வெள்ளி

வெண்ணெய் போல இருக்கிறது. ஆனால் வாயில் வழுக்கிக்கொண்டு வருகிறது, அதனால் சரி. களைத்துவிட்டேன்.

கயல்விழி. வெள்ளி இரவு

3 பேர் சரி, ஒருவர் எதிர்ப்பு, ஒருவர் இருமல். 5ஆம் பக்கத்தில் பையன் சொல்ல வேண்டியதை இப்படி வைத்திருக்கிறேன்:

"இன்னார், 58 வயது, பதிவு எண் சரிபார்த்தேன், நேற்று நிற்கவைத்து எடுத்த பிஏ படம். திரும்பல் இல்லை, மூச்சு போதும், இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாகத் தெரிவதால் கதிர் அளவும் சரி. மூச்சுக்குழல் நடுவில். இதயம் மார்பின் பாதி அகலத்துக்குள். வலது கீழ்ப்பகுதியில் ஓரம் தெளிவில்லாத வெண்ணிழல், வலது இதய விளிம்பு அழிந்திருக்கிறது, உதரவிதானமும் விலா மூலைகளும் கூர்மை. ஆகவே நடு மடல். நுரையீரல் உச்சிகளும் இதயத்தின் பின்புறமும் சுத்தம். விலாக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன், இடது 7ஆம் விலாவில் பழைய முறிவு கூடிய முடிச்சு. காய்ச்சலோடு சேர்த்துப் பார்த்தால் நடு மடல் நிமோனியா."

நிமோனியா கடைசிச் சொல்லாக வருகிறது. அந்த முடிச்சை முதலில் நுரையீரலில் இருக்கும் உருண்டை என்றான். விலாவின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, விலாக்கோட்டோடு விரலை ஓட்டிப் பார் என்றேன். ஓட்டினான், சிரித்துவிட்டான்.

பாண்டியன். வெள்ளி இரவு

படம் சரி. வாசகம் சரி. நான் ஒப்பாசிட்டி என்றுதான் சொல்வேன்.

புலவர் ஐயா. சனி காலை 6 மணி

கயல் தனி மடலில் அனுப்பிய நகலைப் பார்த்தேன். 3ஆம் பக்கத்தில் "வெண்நிழல்" என்று அடித்திருக்கிறாய். கடை திறப்பதற்குள் மாற்று.