கருத்துக் கேட்க அழைக்கிறோம், அதற்குத் தரும் பணத்துக்கு என்ன பெயர்?

கோமதி, ஜார்ஜ் டவுன்

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கும் 6 பேரைச் சந்தித்து, மொத்த வியாபாரியிடம் எப்படிச் சரக்குச் சொல்கிறார்கள் என்று கேட்கப்போகிறோம். சரக்கு ஆர்டர் போடும் செயலி ஒன்றைத் தமிழில் கொண்டுவருவதற்கான ஆய்வு இது. ஒருவரிடம் 45 நிமிடம் பேசுவோம், 60 வெள்ளி தருவோம். இப்போது கையில் இருக்கும் அழைப்பு இப்படி இருக்கிறது:

"எங்கள் நேர்காணலில் பங்கேற்று 60 வெள்ளி ஊக்கத்தொகை பெறுங்கள். உங்களுக்கு வசதியான ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்து, வங்கிக் கணக்கு எண்ணுடன் பதில் அனுப்புங்கள்."

ஆங்கிலப் படிவத்தில் 'இன்சென்டிவ்' என்றிருந்ததால் 'ஊக்கத்தொகை' என்று போட்டேன். படித்துப் பார்த்தால் ஏதோ விற்பனை இலக்கை எட்டச் சொல்வதுபோல் இருக்கிறது. வேறு நல்ல சொல் உண்டா? ஸ்லாட்டுக்கும் ஒன்று வேண்டும்.

மாணிக்கம், பிரிக்பீல்ட்ஸ்

அம்மா, இதற்குப் புதிதாகச் சொல் செய்யத் தேவையே இல்லை. 'மதிப்பூதியம்' என்று நல்ல சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஒருவரை அழைத்து அவர் அறிவைப் பெற்றுக்கொண்டு தரும் தொகை அது. இன்னும் பழகிய சொல் வேண்டுமென்றால் 'சன்மானம்'. மரியாதை என்ற பொருளிலிருந்து வந்தது, புலவருக்கு அரசன் கொடுத்தது. கடைக்காரரும் தம் அனுபவத்தைத்தானே தருகிறார்? ஸ்லாட்டுக்கு 'நேரக்கூறு' பொருந்தும்.

சாந்தி, பட்டர்வொர்த்

எனக்கு ஒன்று புரியவில்லை. நேர்காணலுக்கு வருகிறவருக்கு நிறுவனம் ஏன் பணம் தருகிறது? என் தம்பி போன மாதம் இரண்டு நேர்காணலுக்குப் போனான், பஸ் காசுகூடக் கொடுக்கவில்லை. பணம் தருகிறோம், வங்கி எண்ணை அனுப்பு என்று ஒரு வேலை அழைப்பு வந்தால், அவனைப் போகாதே என்றுதான் சொல்வேன்.

ரவீந்திரன், கோலாலம்பூர்

சாந்தி அக்கா வேறொன்றை நினைத்துக் கேட்டிருக்கிறார். ஆனால் அழைப்பில் இருக்கும் பெரிய கோளாறை அவர்தான் பிடித்திருக்கிறார். நம் ஊரில் நேர்காணல் என்றால் வேலைக்கான நேர்காணல்தான். வேலை, பணம், வங்கி எண் மூன்றும் ஒரே செய்தியில் வந்தால், கடைக்காரர் அதை மோசடி என்று எண்ணி அழித்துவிடுவார். அவர் செய்வது சரியும்கூட. ஆகவே முதலில் 'நேர்காணல்' போகட்டும். 'உங்கள் கடைக்கு வந்து பேசுகிறோம்' என்றால் போதும். வங்கி எண்ணை அழைப்பில் ஒருபோதும் கேட்காதீர்கள்.

அடுத்து, அந்தப் பணம் எதற்கு என்று தெளிவாக வேண்டும். அவர் சொல்லும் கருத்துக்கு விலை அல்ல, ஒதுக்கித் தரும் நேரத்துக்குத்தான் தருகிறோம். இதில் பிசகினால் ஆய்வே கெடும். 'ஊக்கத்தொகை' என்று படித்துவிட்டு வருபவர், நம்மைத் திருப்திப்படுத்தினால்தான் பணம் என்று நினைத்துக்கொள்வார். பேச்சிலேயே இது தெரியும். எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்பார். "போன தடவை ஆர்டர் போட்டது எப்போ? அப்போ என்னென்ன செய்தீங்க?" என்றால் சம்பவம் எதுவும் வராது.

நான் வைக்கும் சோதனை ஒரு வாக்கியம்தான்: "நீங்கள் பாதியில் நிறுத்திக்கொண்டாலும் இந்த ... முழுதாகக் கிடைக்கும்." கோடிட்ட இடத்தில் ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பாருங்கள். ஊக்கத்தொகை ஒட்டாது, பரிசு ஒட்டாது. ஐயா மன்னிக்க வேண்டும், சன்மானமும் ஒட்டவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்திய புலவருக்குச் சன்மானம் கிடைக்காது. மதிப்பூதியம் ஓரளவு நிற்கிறது. ஆனால் அது உரையாற்ற வந்தவருக்குத் தருவது. அதைக் கேட்கும் கடைக்காரர், தாம் ஏதோ தயார் செய்துகொண்டு வர வேண்டும் என்று பயப்படுவார்.

'நேர ஈடு' எப்படி இருக்கிறது?

நசீர், பினாங்கு

நேர ஈடு வேண்டாம் அண்ணே. நகைக்கடை, அடகுக்கடைப் பக்கம் ஈடு என்றால் கடனுக்கு வைக்கும் பொருள். 'நேரத்தை ஈடு வைக்கச் சொல்றாங்களா' என்று கேட்பார்கள்.

எங்கள் கணக்குப் பிரிவில் பணச்சீட்டில் மலாயில் 'சாகுஹாத்தி' என்று எழுதுவார்கள். எல்லாருக்கும் புரியும் என்றாலும் பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆறுதல் பரிசுக்கும் அதே சொல்தான். படிவத்தில் ஓடும், அழைப்பில் ஓடாது.

தொகையைப் பற்றியும் ஒன்று. நேரத்துக்குத்தான் பணம் என்றால் குறைந்தபட்சச் சம்பளக் கணக்கு இருக்கிறதே. 1,700 ரிங்கிட் மாதச் சம்பளத்துக்கு மணிக்கு 8 ரிங்கிட் 72 காசு. ஒரு மணி நேரத்துக்கு 10 வெள்ளி கொடுத்தாலே சட்டப்படி கூடுதல்தான். 60 எதற்கு?

ரவீந்திரன், கோலாலம்பூர்

ஈடு பற்றிச் சொன்னது சரி, எடுத்துவிடுகிறேன்.

நேரத்தை வைத்துக் கணக்கிடலாம் என்பதும் சரிதான். ஆனால் அந்த விகிதம் வேலைக்கு இருப்பவரின் கூலிக்கு உரியது. கல்லாவை இன்னொருவரிடம் விட்டுவிட்டு உட்காரும் முதலாளியின் ஒரு மணி நேரத்துக்கு அது அளவுகோல் ஆகாது. 10 வெள்ளி என்று எழுதினால் எதுவும் எழுதாததைவிடக் கேவலமாகப் படும். அதற்காக 300 வெள்ளி என்றும் எழுதக் கூடாது. பணத்துக்காகவே பொய் சொல்லி வருவார்கள், வந்தபின் வேண்டாம் என்று சொல்லவும் தயங்குவார்கள்.

பொய் சொல்லி வருபவரைப் பிடிப்பது முதல் அழைப்பில் கேட்கும் கேள்வியில்தான் இருக்கிறது. 'கைபேசியில் சரக்கு ஆர்டர் போடுகிறீர்களா?' என்றால் எது 'சரியான' விடை என்று அவருக்குத் தெரிந்துவிடும். 'கடைசியாக அரிசி வாங்கியபோது எப்படிச் சொன்னீர்கள்: நேரில் போயா, தொலைபேசியிலா, வாட்ஸ்அப்பிலா, விற்பனையாளர் கடைக்கு வந்தா, வேறு வழியிலா?' என்று கேளுங்கள். நாம் தேடுவது எது என்று வெளியே தெரியாது.

கோமதி, ஜார்ஜ் டவுன்

நன்றி அண்ணா. நேரங்களை எப்படிக் கொடுப்பது? காலை 9 முதல் மாலை 5 வரை மணிக்கு ஒருவர் என்று அட்டவணை போட்டு, ஒரே நாளில் 6 பேரையும் முடித்துவிட நினைத்திருந்தேன்.

ரவீந்திரன், கோலாலம்பூர்

ஒரே நாளில் வேண்டாம். 45 நிமிடப் பேச்சு என்றால் கடைக்காரரிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லுங்கள். நடுவில் வாடிக்கையாளர் வருவார், லாரி வரும். உங்கள் நாட்காட்டியில் 90 நிமிடம் அடைத்து வையுங்கள். மீதி 30 நிமிடம் குறிப்பைச் சரிபார்க்கவும் அடுத்த கடைக்கு நடக்கவும் போய்விடும். ஒரு நாளைக்கு 3 பேர் போதும். நான்காமவர் பேசும்போது முதலாமவர் சொன்னதையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மளிகைக் கடைக்குக் காலையும் மாலையும் ஆகாது. பிற்பகல் 2.30க்கு மேல் 5 மணிக்குள் கொஞ்சம் ஓய்வு இருக்கும். இருவருக்கு அந்த நேரம், ஒருவருக்குக் கடை திறப்பதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் முஸ்லிம் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். 'வெள்ளி 3 மணி, 60 வெள்ளி' என்று எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். அழைப்பில் 'வெள்ளிக்கிழமை', '60 ரிங்கிட்' என்று பிரித்தே எழுதுங்கள்.

ஐயா சொன்ன 'நேரக்கூறு' எங்கள் அட்டவணைத் தலைப்புக்கு அருமை, எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரருக்கு அந்தச் சொல்லே வேண்டாம், மூன்று நேரங்களைக் காட்டி எது தோது என்று கேட்டால் முடிந்தது.

மாணிக்கம், பிரிக்பீல்ட்ஸ்

ஈடு போனால் 'படி' இருக்கிறது. பயணப்படி, பஞ்சப்படி போல 'நேரப்படி'.

சாந்தி, பட்டர்வொர்த்

ஐயா, 'மலேசிய நேரப்படி மாலை 4 மணி' என்று வானொலியில் சொல்வார்களே! நேரப்படி 60 ரிங்கிட் என்றால் மணிக்கு மணி ஏறும் என்று நினைப்பார்கள்.

மாணிக்கம், பிரிக்பீல்ட்ஸ்

உண்மைதான். அப்படியானால் 'பங்கேற்புப்படி'. வந்து அமர்ந்ததற்குத் தருவது படி, என்ன பேசினார் என்பதற்கு அல்ல. தம்பியின் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், நிற்கிறது. இன்னொன்று, 'ஒப்புதல் படிவம்' என்று எழுதியிருப்பீர்கள். 'ஒப்புதல் வாக்குமூலம்' என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. 'சம்மதம்' மேல்.

ரவீந்திரன், கோலாலம்பூர்

பங்கேற்புப்படி எனக்குச் சரி. சம்மதமும் சரி. அது வாயால் சொல்லும் சொல், கையெழுத்து போடுமுன் உரக்கப் படித்துக்காட்டும்போது உறுத்தாது.

சம்மதத்தாளில் மூன்று தனித்தனிக் கேள்விகள் வேண்டும்: பேசச் சம்மதமா, குரலைப் பதிவு செய்யச் சம்மதமா, பதிவின் பகுதியைக் குழுவுக்கு வெளியே காட்டச் சம்மதமா. ஒரே கட்டமாகப் போட்டால், பதிவு பிடிக்காதவர் பேசவே மறுத்துவிடுவார். பிற்பாடு சம்மதத்தைத் திரும்பப் பெற யாருக்கு எழுதுவது என்பதும் இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நிறுவனம் தரும் அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஆகவே தமிழ்த் தாள் அவற்றோடு கூடுதலாகப் போவது, அவற்றுக்குப் பதிலாக அல்ல.

பணம் பெற்றுக்கொண்ட சீட்டு வேறு தாளில் இருக்கட்டும். கணக்குப் பிரிவுக்குப் பெயரும் கையெழுத்தும் வேண்டும். ஆய்வுக் குறிப்பில் 'கடை 3' என்று மட்டும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால், யார் எந்த மொத்த வியாபாரியைப் பற்றி என்ன சொன்னார் என்பது கோப்பைத் திறக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

நசீர், பினாங்கு

பணத்தை எப்படிக் கொடுப்பீர்கள்? கல்லாவில் டூயிட்நவ் கியூஆர் ஒட்டியிருக்கும், அதை ஸ்கேன் செய்தால் ஒரு நிமிட வேலை.

ரவீந்திரன், கோலாலம்பூர்

பேசியவர் முதலாளி என்றால் சரி. பேசியது கடைப் பையன் என்றால் அந்தப் பணம் முதலாளி கணக்குக்குப் போய்விடும், பையன் வாய் திறந்து கேட்க மாட்டான். பேச்சு முடிந்தபின் அவருடைய கைபேசி எண்ணைக் கேட்டு, அவர் கண்முன்னே அனுப்புங்கள். உறுதி செய்யுமுன் திரையில் வரும் பெயரைக் காட்டி 'இது நீங்கள்தானா' என்று கேளுங்கள். எண் டூயிட்நவ்வில் பதிவாகாமல் இருந்தால் பணம் போகாது. அதற்காக உறையில் ரொக்கமும் கொண்டுபோங்கள். பையனை முதலாளியே 'போய்ப் பேசு' என்று அனுப்பினால், தனியாக வைத்து இன்னொரு முறை சம்மதம் கேளுங்கள்.

கோமதி, ஜார்ஜ் டவுன்

எல்லாவற்றையும் வைத்துத் திருத்திவிட்டேன்:

"வணக்கம். கடைக்குச் சரக்கு வாங்கும் முறை பற்றி உங்களிடம் பேச விரும்புகிறோம். எதையும் விற்க வரவில்லை. உங்கள் கடைக்கே வருகிறோம், ஒரு மணி நேரம் ஆகும். உங்கள் நேரத்துக்காக 60 ரிங்கிட் தருவோம். பேச்சு முடிந்ததும் கையோடு தருவோம், பாதியில் நிறுத்தினாலும் முழுதாகத் தருவோம். நீங்கள் சம்மதித்தால் மட்டுமே குரலைப் பதிவு செய்வோம். செவ்வாய் பிற்பகல் 3 மணி, புதன் காலை 8 மணி, வியாழன் பிற்பகல் 3 மணி: எது தோது?"

அழைப்பில் 'உங்கள் நேரத்துக்காக' என்றாலே போதும் போலிருக்கிறது. 'பங்கேற்புப்படி' சம்மதத்தாளிலும் பணச்சீட்டிலும் வரும்.

6 பேர் தேவை என்பதால் 8 பேரிடம் பேசி வைக்கப்போகிறேன். யாராவது வராமல் போனால் அந்த இருவரில் ஒருவரைக் கூப்பிடுவேன். அவர்களுக்கு என்ன பெயர்? கூப்பிடாமலே விட்டாலும் பணம் உண்டா?

நசீர், பினாங்கு

பேசாதவருக்குப் பணம் கொடுத்தால் கணக்கில் என்ன எழுதுவது? 6 பேருக்கு 360, 8 பேருக்கு 480. அந்த 120க்குக் காரணம் கேட்பார்கள்.

ரவீந்திரன், கோலாலம்பூர்

நேரத்துக்குத்தான் பணம் என்று சொல்லிவிட்டு, நேரத்தை ஒதுக்கி வைத்திருந்தவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. முழுதா பாதியா என்பதில் எங்கள் குழுவிலேயே இரண்டு கருத்து உண்டு. எதுவானாலும் அழைக்கும்போதே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

மாணிக்கம், பிரிக்பீல்ட்ஸ்

பேசவே இல்லை என்றால் 'பங்கேற்புப்படி' அவருக்குப் பொருந்தாதே, தம்பி. 'காத்திருப்புப்படி' என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கும். ஆளுக்குப் பெயர் 'மாற்றுப் பங்கேற்பாளர்' என்று வைக்கலாமா, யோசித்துச் சொல்லுங்கள்.