ஷில்டு பிளாட்டில் ஸ்லோப் 1.6 வருகிறது, எங்கே தவறு?

வாளையார் மாணவி: கோழிக் குடலில் அசிட்டைல்கோலின் போட்டு அட்ரோபினுக்கு pA2 பார்த்தோம். ஸ்லோப் 1.6, pA2 8.4 வந்தது. ஸ்லோப் 1 வர வேண்டாமா? திங்கட்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும். யாராவது சொல்லுங்களேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: EC50 எல்லாம் எவ்வளவு? y அச்சில் log DR போட்டீர்களா, log(DR-1) போட்டீர்களா?

பழைய டெமான்ஸ்ட்ரேட்டர்: எண்ணே தராமல் கேட்டால் எப்படி அம்மா? இதை இங்கே எத்தனை தடவை எழுதியிருக்கிறேன். அட்ரோபின் சல்பேட் ஒரு மூலக்கூறில் அட்ரோபின் இரண்டு இருக்கிறது. 695 என்று வைத்துக் கரைத்திருப்பீர்கள், பாத்தில் நினைத்ததைவிட இரண்டு மடங்கு போயிருக்கும். அவ்வளவுதான்.

வாளையார் மாணவி: log(DR-1)தான் அண்ணா. அட்ரோபின் இல்லாமல் EC50 30 நானோமோலார். அட்ரோபின் 3, 10, 30 நானோமோலாரில் முறையே 48, 180, 750.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: அப்படியானால் DR 1.6, 6, 25. ஒன்றைக் கழித்து லாக் எடுத்தால் -0.22, 0.70, 1.38. உங்கள் கணக்கு சரி. சல்பேட் பற்றி ஐயா சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தவறு மூன்று புள்ளிகளையும் ஒரே 0.3 அளவு பக்கவாட்டில் நகர்த்தும், pA2 மாறும், ஸ்லோப் மாறாது. அட்ரோபின் போட்டு எத்தனை நிமிடம் விட்டீர்கள்?

புத்தூர் பார்மசி: எனக்கு 0.7 வந்தது. கோலினெஸ்டரேஸ் தின்றுவிடுகிறது என்று ஃபைசோஸ்டிக்மின் சேர்த்தோம், சரியானது. நீங்களும் சேருங்கள்.

வாளையார் மாணவி: 5 நிமிடம். மூன்றையும் ஒரே துண்டில் பார்த்தோம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: அதுதான். புத்தூர் சொன்ன காரணம் ஸ்லோப்பை 1-க்குக் கீழே இழுக்கும், இங்கே மேலே போயிருக்கிறது. கினிப்பன்றிக் குடலில் சொல்லும் pA2 ஏறக்குறைய 9. அதை வைத்துப் பார்த்தால் 3 நானோமோலாரில் DR 4 வர வேண்டும், உங்களுக்கு 1.6. 30-இல் 31-க்கு 25. மேலே கொஞ்சம், கீழே நிறையக் குறைகிறது. செறிவு குறையக் குறைய அட்ரோபின் சமநிலைக்கு வர நேரம் கூடும், அதனால் முதல் புள்ளிதான் அதிகம் அடிபடும், கோடு செங்குத்தாகும். ஒவ்வொரு செறிவுக்கும் புதுத் துண்டு எடுங்கள். முதலில் அட்ரோபின் இல்லாத வளைவு, அப்புறம் அட்ரோபினை 40 நிமிடம் விட்டு அடுத்த வளைவு. நடுவில் கழுவினால் டைரோடிலும் அதே செறிவில் அட்ரோபின் இருக்கட்டும்.

பழைய டெமான்ஸ்ட்ரேட்டர்: மூன்று மணி நேர பிராக்டிகலில் இது நடக்காது. ஸ்லோப்பை 1 என்று வைத்துக் கோடு போடச் சொல்வதுதான் வழக்கம்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்: 1-லிருந்து உண்மையில் விலகாத ஸ்லோப்புக்கு அது சரி ஐயா. 1.6-ஐ அப்படி மடக்கினால் சமநிலை வராததை மறைத்து, ஒரு pA2-ஐ மட்டும் எழுதியதாகிவிடும். நேரமில்லை என்றால் நான்கு பாத்தில் நான்கு பேராகப் பிரிந்து செய்யலாமே.

பழைய டெமான்ஸ்ட்ரேட்டர்: எங்களுக்கு இருந்தது ஒரே பாத். இருக்கிறவர்கள் செய்யுங்கள்.

புத்தூர் பார்மசி: அட்ரோபினே இல்லாமல் 40 நிமிடம் விட்ட துண்டு ஒன்றும் வேண்டாமா? திசு தானாகவே மந்தமாகியிருந்தால் அதையும் DR என்றுதானே எண்ணுவோம்?

வாளையார் மாணவி: சனிக்கிழமை செய்தோம். 3 நானோமோலாரில் DR 3 வந்தது. ஸ்லோப் 1.1, pA2 8.8. அட்ரோபின் இல்லாத துண்டு வைக்கவில்லை, குடல் தீர்ந்துவிட்டது. நன்றி அண்ணா.