300 கேபிபிஎஸ் சிக்னலில் யூடியூபுக்கு வீடியோ ஏற்றியவர்கள் சொல்லுங்கள்

வரப்போரம்: ஃபோனில் 1080p-இல் எடுத்த 10 நிமிட வீடியோ, 1.3 ஜிபி. ஊரில் அப்லோடு வேகம் 300 கேபிபிஎஸ். பாதியில் நின்றுவிடுகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்தூண்: அந்த வேகத்தில் மணிக்கு 135 எம்பிதான் போகும். இடையில் அறுந்துபோகாமல் இருந்தாலே ஒன்பதரை மணி நேரம் பிடிக்கும். முதலில் கணினியில் ffmpeg என்ற இலவச நிரலால் சுருக்குங்கள்:

```
ffmpeg -i a.mp4 -vf scale=-2:720 -c:v libx264 -b:v 2500k -c:a aac -b:a 96k b.mp4
```

சுமார் 195 எம்பி வரும், ஒன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும். நிமிர்த்திப் பிடித்து எடுத்ததென்றால் `scale=720:-2` போடுங்கள். உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு 2500k தாராளம். நடவு, ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் பயிர் என்றால் படம் கட்டம் கட்டமாக உடையும். 4000k வையுங்கள், 300 எம்பி ஆகும்.

தாமரைக்குளம்: யாராவது பார்த்துத் திருத்தம் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு பெரிய கோப்பு வேண்டாம். `scale=-2:360`, `-b:v 400k`, `-b:a 64k` என்று மாற்றினால் 35 எம்பிதான். திருத்தமெல்லாம் அதில் முடியட்டும், கடைசி வடிவம் மட்டும் பெரிய அளவில் ஒரே ஒருமுறை போகட்டும்.

புதுவரவு: இதற்கு ஏன் இவ்வளவு சிரமம்? Schedule-இல் இரவு 2 மணி என்று வைத்தால் தானாக ஏறிவிடுமே?

கல்தூண்: இல்லைங்க, அது வெளியிடும் நேரம். கோப்பு அதற்கு முன்பே முழுசாக ஏறியிருக்க வேண்டும். இரவில் ஏற்ற, கணினி உறங்காதபடி அமைத்துவிட்டு 12 மணி தாண்டித் தொடங்குங்கள். பல பிளான்களில் அன்றாட டேட்டா அப்போதுதான் புதிதாகும். பகலில் 1.5 ஜிபி தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும், அதாவது மணிக்கு 29 எம்பி. நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று ஊர்ந்து, நள்ளிரவு வரை தேறவில்லையென்றால் சிக்னலைக் குறை சொல்லாதீர்கள்.

நடுவில் அறுந்தால் 24 மணி நேரத்துக்குள் அதே கணக்கில் நுழைந்து அதே கோப்பைத் தேர்ந்தெடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். இடையில் மறுபடி சுருக்கினால் அது வேறு கோப்பு, முதலிலிருந்துதான்.

ஓலைச்சுவடி: நான் ஏற்றுவது ஸ்கேன் செய்த பழைய ஆவணங்கள், கூகுள் டிரைவுக்கு. கோப்புகளை டிரைவுக்கு அனுப்பும் rclone நிரலைப் போட்டால் போதும், எங்கே நின்றாலும் அங்கிருந்தே தொடரும்.

கல்தூண்: பாதிதான் சரி. முழுதாகப் போன கோப்புகளைத் திரும்ப அனுப்பாது. ஆனால் அதை நிறுத்தி மீண்டும் இயக்கினால், பாதி ஏறிய கோப்பு தொடக்கத்திலிருந்தே போகும். ஆகவே 500 எம்பியில் ஒரே பிடிஎஃப் வேண்டாம், 20 எம்பி வீதம் பிரித்து வையுங்கள்.

வரப்போரம்: இரவு 1 மணிக்கு அளந்து பார்த்தேன், அப்போதும் 300-தான்.

தாமரைக்குளம்: அப்படியென்றால் நெரிசல் காரணமில்லை, டவர் தூரமாகவோ மறைவாகவோ இருக்கலாம். ஃபோனை மாடியில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு அளந்து பாருங்கள்.

வரப்போரம்: ஓட்டு வீடுங்க, மாடி இல்லை. ஜன்னலோரம் வைத்துப் பார்க்கிறேன். கணினி இல்லாமல் ஃபோன் ஆப்பிலிருந்தே இரவில் ஏற்றுபவர்கள் இருக்கிறீர்களா? திரை அணைந்ததும் நின்றுவிடுகிறது.

புதுவரவு: எனக்கும் அப்படித்தான். பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை நீக்கியும் சில நாள் நிற்கிறது.