‘படி’க்கு எத்தனை தலைச்சொல் கொடுப்பது? ஒன்றா, ஏழா? (உதவி தேவை)

ஏட்டுச்சுவடி
வணக்கம். 6 முதல் 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கான கையடக்க அகராதி ஒன்றைத் தொகுக்கிறோம். ‘படி’யில் சிக்கிக்கொண்டோம். எங்கள் விரிதாளில் இப்போது ஏழு வரிசைகள்: ஏறும் படி, அரிசி அளக்கும் படி, கையெழுத்துப்படி, பயணப்படி, தூசி படிவது, பாடம் படிப்பது, ‘சொன்னபடி’யில் வருவது. ஏழையும் தனித்தனித் தலைச்சொல்லாகப் போட வேண்டும் என்கிறார் ஒருவர். ஒரே தலைச்சொல், கீழே ஏழு பொருள் என்கிறார் இன்னொருவர். எப்படிச் சோதித்து முடிவெடுப்பது?

நன்னூற்பிரியன்
இது தொல்காப்பியரே தீர்த்துவைத்த சிக்கல். ‘மா பூத்தது’ என்றால் மரம், ‘மா ஓடிற்று’ என்றால் விலங்கு. வினை வேறுபட்டதும் பொருள் தெரிந்துவிடுகிறது. இதைத்தான் ‘வினைவேறுபடூஉம் பலபொருள் ஒருசொல்’ என்கிறார். பெயரிலேயே ‘ஒருசொல்’ என்று இருக்கிறது. ஆகவே ஒரே தலைச்சொல் போதும்.

சொல்லடைவு
அந்த நூற்பா, கேட்பவர் பொருளை எப்படித் தெரிந்துகொள்கிறார் என்று சொல்கிறது. வினையும் இனமும் சார்பும் காட்டிக்கொடுக்கும் என்பது இன்றும் சரி. ஆனால் வரலாற்றில் ஒரே சொல் பல பொருளுக்கு விரிந்ததா, இரண்டு சொல் தற்செயலாக ஓர் ஒலியில் வந்து விழுந்தனவா என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. அகராதிக்காரருக்கு அந்தக் கேள்விதான் வேலை.

ஏட்டுச்சுவடி, முதலில் வினைகளைப் பிரியுங்கள். இறந்தகாலத்தைப் போட்டுப் பாருங்கள்: தூசி படிந்தது, பாடம் படித்தான். ஆனால் இதோடு நிறுத்தினால் தவறிவிடும். ‘உடைந்தது, உடைத்தான்’ என்பதிலும் இதே வேறுபாடு இருக்கிறது. அவை ஒரே வினையின் இரு முகம்தான். எனவே அடுத்த கேள்வி: ‘படித்தான்’ என்பதற்குப் ‘படியச் செய்தான்’ என்று பொருள் வருமா? வராது. தூசியைப் படியவைக்கத்தான் முடியும். பிறகு, அவற்றிலிருந்து பிறந்த சொற்களை இடம் மாற்றிப் பாருங்கள். ஆற்றில் வண்டல் படிவு உண்டு, வண்டல் படிப்பு இல்லை. கல்லூரிப் படிப்பு உண்டு, கல்லூரிப் படிவு இல்லை. மூன்று சோதனையும் ஒரே பக்கம் நிற்கின்றன. இரண்டு தலைச்சொல், சந்தேகமே வேண்டாம். மாணவர் அகராதியில் இறந்தகால வடிவத்தைத் தலைச்சொல்லுக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டியிருப்பதால், பிரித்தால்தான் எழுதவும் முடியும்.

மொழிவேடன்
இணைத்துப் பார்க்கும் சோதனையை விட்டுவிட்டீர்களே! ஒரே வினையை இரண்டு பெயருக்கும் பொதுவாக வைத்து வாக்கியம் அமையுங்கள். இடறினால் இரண்டு சொல், இடறாவிட்டால் ஒரு சொல். அவ்வளவுதான்.

சொல்லடைவு
பாதி சரி. ‘மேசையில் தூசியும் சந்தையில் பேரமும் படிந்தன’ என்று சொல்லிப் பாருங்கள். காது ஒப்பாது. அதற்காகப் பேரம் படிவதற்கு வேறு தலைச்சொல் கொடுப்பீர்களா? வாரிய தலைமுடி படிவது, பேரம் படிவது, சொல்லுக்குப் படிந்து நடப்பது எல்லாம் ஒரே வினைதான். அலைந்ததோ எழும்பியதோ அடங்கி ஓரிடத்தில் நிற்பது என்ற கரு எல்லாவற்றிலும் இருக்கிறது.

இடறினால் பொருள் எண்ணைப் பிரிக்கலாம். தலைச்சொல்லைப் பிரிக்க அது மட்டும் போதாது. இடறவில்லை என்றால்தான் அந்தச் சோதனைக்கு வலு அதிகம். ‘பள்ளிக்கூடம் ரொம்பப் பழசு, நாளைக்கு லீவு விட்டிருக்கிறது’ என்பதில் கட்டடமும் நிறுவனமும் ஒன்றாக ஓடுகின்றன. அங்கே தலைச்சொல் இரண்டு கொடுப்பது நிச்சயமாகத் தவறு.

பனையோலை
நான் ‘ஆறு’க்கு இதே பாடு படுகிறேன். எண்ணும் நதியும் ஒரே தலைச்சொல்லில் இருக்கின்றன. தேடுபொறியில் எது முதலில் வர வேண்டும்?

சொல்லடைவு
பனையோலை, நீங்கள் கேட்பது வரிசை பற்றி. அதற்கு முன் பிரிவினை இருக்கிறது. நதியைக் குறிக்கும் சொல்லின் பழைய வடிவம் ‘யாறு’. சங்க நூல்களில் அப்படியே கிடைக்கிறது. தெலுங்கில் நதி ‘ஏறு’, எண் ‘ஆறு’. இரண்டு சொல் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டாம். பிரித்துவிட்டு, அதிகம் தேடப்படுவதை முன்னால் வையுங்கள்.

மொழிவேடன்
அப்படியானால் வரலாறுதான் தீர்ப்பு. ‘படித்தல்’ வடமொழி ‘பட்²’ வேரிலிருந்து வந்தது. மலையாளத்தில் ‘படி²க்குக’ என்று மூச்சொலி எழுத்திலேயே எழுதுகிறார்கள். ஏறும் படிக்கு அங்கே சாதாரண டகரம்தான்.

சொல்லடைவு
சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் வடமொழி மூலமே காட்டுகிறது. மனத்தில் படிவதே படிப்பு என்று தமிழ் வேர் காட்டுவோரும் இருக்கிறார்கள். மலையாள எழுத்துமுறை ஆதாரம்தான்; ஆனால் வடமொழித் தொடர்பை நினைத்து எழுத்தைத் திருத்தியிருக்கவும் கூடும் என்பதால் அதை மட்டும் நம்ப மாட்டேன். நல்ல வேளை, இந்த வழக்கு முடியும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன மூன்று சோதனைகளும் வேர் எதுவானாலும் மாறாதவை.

வரலாறு மட்டுமே தீர்ப்பு என்றால் ஆங்கில ‘இயர்’ என்ன ஆகும்? காதுக்கும் சோளக்கதிருக்கும் ஒரே சொல். பழைய ஆங்கிலத்தில் அவை வெவ்வேறு. இன்று பேசுபவரில் பலர் கதிரைக் காது போன்றது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வரலாற்று அகராதி பிரித்தே ஆக வேண்டும். மாணவர் அகராதி சேர்த்து வைத்தாலும் பிழை இல்லை.

ஏட்டுச்சுவடி
மிக்க நன்றி. வினை தெளிவாகிவிட்டது. பெயர்களை எப்படிப் பார்ப்பது?

சொல்லடைவு
பெயருக்கு இலக்கண நடத்தையைப் பாருங்கள். அளவைப் படி, அளக்கப்படும் பொருளுக்கு முன்னால் நேரே நிற்கும்: ‘மூன்று படி அரிசி’. ‘மூன்று படிகள் அரிசி’ என்று யாரும் சொல்வதில்லை. ஏறும் படி ‘படிகள்’ ஆகும்; இன்னொரு பெயருக்கு முன் அளவாக நிற்காது. பொருளிலும் பாலம் தெரியவில்லை. ஆகவே இரண்டு. ‘படிநிலை’, ‘ஒருபடி மேல்’ எல்லாம் ஏறும் படிக்குக் கீழே போகும். அளக்கும் பாத்திரமும் அதன் கொள்ளளவும் ஒரே பதிவுதான்; குடம், மரக்கால், டம்ளர் எல்லாவற்றிலும் இதே விரிவு நடக்கிறது. விரிவு வேறு சொற்களிலும் ஒழுங்காக நடந்தால் அது ஒரே சொல் என்பதற்கு நல்ல சாட்சி.

‘சொன்னபடி’ தனி. அது எச்சத்தோடும் பெயரோடும் ஒட்டி நிற்கிறது, பன்மை ஏற்காது. இடைச்சொல் போலப் பதியுங்கள். கையெழுத்துப்படியும் தனி, ‘பிரதி’யின் திரிபு என்று கொள்வோர் உண்டு.

அளவைக்கல்
பயணப்படி, அகவிலைப்படி? அரசாணைகளில் ‘ஊதியமும் படிகளும்’ என்று பன்மையில்தான் வருகிறது. உங்கள் சோதனைப்படியே அது அளவைப் படி ஆகாது. தனித் தலைச்சொல் கொடுங்கள்.

சொல்லடைவு
பன்மை உங்கள் பக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘எனக்குப் படியளக்கிற முதலாளி’ என்று இன்றும் சொல்கிறோம். தானியமாக அளந்து கொடுத்தது பணமாக மாறினாலும் பெயர் தங்கிவிட்டது என்று பேசுபவருக்கே பாலம் தெரிகிறது. நான் அளவைப் படிக்குக் கீழே, கடைசிப் பொருளாக, ‘பன்மையில்’ என்ற குறிப்போடு வைப்பேன்.

அளவைக்கல்
படியளப்பதும் அகவிலைப்படியும் பத்தாம் வகுப்பு மாணவன் மனத்தில் சேருமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

ஏட்டுச்சுவடி
இப்போதைக்கு ஆறு தலைச்சொல்: படிதல், படித்தல், ஏறும் படி, அளவைப் படி, நகல், இடைச்சொல். பயணப்படியை அளவைக்குக் கீழே வைத்து, எட்டாம் வகுப்பு மாணவர் இருபது பேரிடம் ‘அகவிலைப்படி’யைத் தேடச் சொல்லப் போகிறோம். எத்தனை பேர் அளவைப் படிக்குக் கீழே போய்ப் பார்க்கிறார்கள் என்று எண்ணிவிட்டு இங்கே எழுதுகிறேன்.